மலவாசல் இல்லாது பிறந்த மழலையர்: ஒரு சத்திரசிகிச்சையின் வரலாறு

பிறந்த குழந்தையைத் துடைத்துத் துணியிற் சுற்றித் தாயின் கையிற் கொடுப்பதற்கு முன்னர், மருத்துவமாது அதன் கால்களை உயர்த்தி ஒருமுறை பார்த்துக்கொள்வார். எங்கள் நெளுக்குளத்துப் பழைய மருத்துவிச்சிகளும் இதைச் செய்தார்கள். இன்று வவுனியா வைத்தியசாலையின் மகப்பேற்று விடுதியிலும் இதுவே நடக்கிறது. மலவாசல் இருக்கிறதா என்று பார்க்கின்ற அந்தச் சில கணங்களுக்குப் பின்னே பல நூற்றாண்டுகால வைத்திய வரலாறு இருக்கிறது. ஏறத்தாழ ஐயாயிரம் பிறப்புகளில் ஒன்றில் அந்த இடத்தில் வாசல் இருப்பதில்லை. தோல் மூடியிருக்கும், அல்லது ஒரு சிறு குழி மட்டும் தெரியும். சில குழந்தைகளில் மிகச் சிறியதொரு துவாரம் இருக்க வேண்டிய இடத்திலிருந்து விலகிக் காணப்படும்.

இவ்வாறு பிறந்த குழந்தைகளைப் பற்றி நம்மவர் வெளியிற் பேசுவதில்லை. இருதயத்தில் ஓட்டையோடு பிறந்த பிள்ளைக்கு உதவி கோரிப் பத்திரிகைகளில் விளம்பரம் வருவதை என் தொழில் வாழ்வில் எத்தனையோ தடவை கண்டிருக்கிறேன். மலவாசல் இல்லாது பிறந்த பிள்ளைக்காக அப்படியொரு விளம்பரத்தைக் கண்டதாக நினைவில்லை. குறைபாட்டின் இடம் அப்படிப்பட்டது. பேசாமல் விடுவதால் வருகின்ற நட்டம் பெரியது என்பதாலேயே இதனை எழுதுகிறேன்.

இந்த வரலாற்றைப் படிக்கப் புகுந்தபோது ஒரு விடயம் எனக்கு வியப்பூட்டியது. கத்தியை எப்படிப் பிடிப்பது என்பதை விட, எப்போது பிடிப்பது என்பதைக் கற்றுக்கொள்வதற்கே சத்திரவைத்தியர்களுக்கு நெடுங்காலம் தேவைப்பட்டிருக்கிறது. இந்தக் கதையை அந்த நூலைப் பிடித்துக்கொண்டே சொல்ல முயல்கிறேன்.

கருவில் நடப்பது

முதலில் குறைபாடு எப்படி உண்டாகிறது என்பதைச் சுருக்கமாகப் பார்ப்போம். தாயின் வயிற்றில் நான்காவது வாரத்தில், கருவின் பின்முனையில் சிறுநீருக்கும் மலத்துக்கும் தனித்தனிப் பாதைகள் இல்லை. இரண்டுக்கும் பொதுவான ஒரே அறை மட்டுமே உண்டு. பறவைகளுக்கும் பல்லிகளுக்கும் வாழ்நாள் முழுவதும் இருக்கின்ற அமைப்பு அது. அடுத்து வரும் மூன்று நான்கு வாரங்களில் அந்த அறை இரண்டாகப் பிரிகிறது. முன்பக்கம் சிறுநீர்ப்பாதையாகவும் பின்பக்கம் மலக்குடலாகவும் ஆகின்றன. கீழே மூடியிருக்கும் மெல்லிய சவ்வும் கரைந்து வாசல் திறக்கிறது.

இந்தப் பிரிவு முழுமையடையாமல் நின்றுவிட்டால் இரண்டு விளைவுகள் சேர்ந்து வரும். மலக்குடல் கீழே வந்து சேராது. அத்துடன், பிரிந்திருக்க வேண்டிய இடத்தில் ஓர் ஒடுங்கிய இணைப்பு எஞ்சிவிடும். ஆண்குழந்தைகளிற் பெரும்பாலும் இந்த இணைப்பு சிறுநீர்க் குழாயிற் போய்ச் சேரும். பெண்குழந்தைகளில் யோனிவாயிலின் ஓரத்தில் திறப்பதே அதிகம். சில பெண்குழந்தைகளில் மூன்று பாதைகளும் ஒன்றாகவே நின்று, வெளியே ஒரேயொரு துவாரம் மட்டும் தெரியும். ஆகவே நோயின் பெயர் 'வாசல் இன்மை' என்றாலும் உள்ளே இருக்கும் சிக்கல், வாசல் தவறான இடத்தில் போய்த் திறந்திருப்பதே. இதனை விளங்கிக்கொள்ளாததால் நேர்ந்த மரணங்கள் பல.

தாய் செய்த பாவமோ, கிரகணத்தில் வெளியே வந்ததோ, உண்ட உணவோ இதற்குக் காரணம் என்று சொல்வதற்கு எந்த ஆதாரமும் இல்லை. பெரும்பாலான குழந்தைகளில் இன்ன காரணம் என்று எதையும் சுட்ட இயலாது.

கத்தியும் விரலும்

பழங்காலத்தவர் இதனை அறிந்திருந்தார்கள். கி.பி. 2ஆம் நூற்றாண்டளவில் உரோம நகரில் தொழில் புரிந்த சொரானஸ் என்ற கிரேக்க வைத்தியர், மருத்துவிச்சிகளுக்காக எழுதிய நூலில் புதிதாய்ப் பிறந்த குழந்தையின் மலவாசலைச் சுண்டுவிரலாற் பரிசோதிக்கும்படி கூறியிருக்கிறார். 7ஆம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் வாழ்ந்த ஈஜினாவின் பவுல், மூடியிருக்கும் சவ்வை விரலாற் கிழிக்கலாம் என்றும், முடியாவிட்டால் கத்தியால் வெட்டலாம் என்றும் எழுதினார். அதன்பின் ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகள் வைத்திய உலகம் இந்த ஆலோசனையைத் தாண்டிச் செல்லவில்லை.

சவ்வு மட்டும் மூடியிருந்த குழந்தைகள் இதனாற் பிழைத்தன. மலக்குடல் சற்று உயரத்தில் நின்றுபோன குழந்தைகளுக்கோ இந்த முறை எமனாயிற்று. வைத்தியர் இருளிற் கத்தியைச் செலுத்துவார். குடல் அகப்படாது. மேலும் செலுத்துவார். சிறுநீர்க் குழாய் வெட்டுப்படும். அல்லது வயிற்றறை திறந்து கிருமி பரவும். தற்செயலாகக் குடல் அகப்பட்டு மலம் வெளியேறினாலும், தோலுக்கும் குடலுக்கும் இடையில் வெட்டப்பட்ட பாதை புண்ணாகிச் சுருங்கிச் சில வாரங்களில் மூடிக்கொள்ளும்.

1835இல் பாரிசில் அமுசா என்ற சத்திரவைத்தியர் இந்தச் சுருக்கத்துக்கு விடை கண்டார். குடலைத் திறப்பதோடு நிறுத்தாமல், அதனைக் கீழே இழுத்து அதன் ஓரங்களைத் தோலின் ஓரங்களோடு தைத்தார். தைத்த இடத்தில் குடலின் உட்சவ்வும் தோலும் நேரடியாகச் சந்தித்ததால் வெறும் புண் எஞ்சவில்லை. புண் இல்லாததால் சுருக்கமும் குறைந்தது. இன்றைய சத்திரசிகிச்சைகள் அனைத்திலும் இந்தத் தையல் உண்டு. ஆனால், குடல் எட்டாத உயரத்தில் நின்றால் என்ன செய்வது என்ற கேள்வி அப்படியே இருந்தது.

பிரெஸ்ற் துறைமுகத்துக் குழந்தை

அதற்கான விடை உண்மையில் முன்னரே சொல்லப்பட்டிருந்தது. 1710இல் லித்ரே என்ற பிரெஞ்சு உடற்கூற்றியலாளர், ஆறு நாட்களில் இறந்துபோன ஒரு குழந்தையின் உடலைப் பரிசோதித்தார். மலக்குடல் இரண்டு துண்டுகளாக இருந்ததைக் கண்டார். அடிவயிற்றைத் திறந்து மேற்துண்டை வயிற்றுத் தோலுக்குக் கொண்டுவந்து, அங்கேயே ஒரு செயற்கை வாசலை அமைத்திருந்தால் அந்தக் குழந்தை பிழைத்திருக்கலாம் என்று பாரிஸ் அறிவியற் கழகத்துக்குத் தெரிவித்தார். தாமே செய்து பார்க்கவில்லை. வயிற்றைத் திறப்பது அக்காலத்தில் அநேகமாகக் கொலைக்குச் சமானம். எழுபது ஆண்டுகளுக்கும் மேலாக அந்த யோசனை ஏட்டிலேயே கிடந்தது. 1783இல் துபுவா என்பவர் ஒரு குழந்தைக்கு இதனைச் செய்தார். அது பத்து நாட்களில் இறந்தது.

1793ஆம் ஆண்டு. பிரான்சில் புரட்சியின் கொந்தளிப்பான காலம். பிரெஸ்ற் என்ற கடற்படைத் துறைமுக நகரில் துரே என்ற சத்திரவைத்தியரிடம், பிறந்து சில நாட்களேயான ஒரு குழந்தை கொண்டுவரப்பட்டது. மலவாசல் இல்லை, வயிறு ஊதியிருந்தது, வாந்தி. துரே முதலில் அக்கால வழக்கப்படி கீழே வெட்டிப் பார்த்தார். குடல் அகப்படவில்லை. அவர் மேலும் ஆழமாக வெட்டவில்லை என்பதை நாம் கவனிக்க வேண்டும். கத்தியை வைத்துவிட்டு, நகரின் ஏனைய வைத்தியர்களை அழைத்து ஆலோசித்தார். வறியோர் இல்லத்தில் இறந்துபோன பதினைந்து நாட் சிசுவொன்றின் உடலில் தாம் செய்ய நினைத்த சத்திரசிகிச்சையை முதலிற் செய்து பார்த்தார். பின்னரே குழந்தையின் இடது அடிவயிற்றைத் திறந்தார்.

பெருங்குடலின் கடைப் பகுதியை வெளியே எடுத்து, அது மீண்டும் உள்ளே நழுவிவிடாதபடி அதன் அடியில் மெழுகு பூசிய நூல்களைச் செலுத்தி நிறுத்தி, பிறகு குடலைத் திறந்தார். காற்றும் மலமும் வெளியேறின. வாந்தி நின்றது. மயக்க மருந்து கண்டுபிடிக்கப்படுவதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்னர், கிருமி என்ற சொல்லே வைத்தியத்தில் இல்லாத காலத்தில் இது நடந்தது. வயிற்றில் அமைந்த அந்த வாசலோடு அவர் வளர்ந்து பெரியவராகி 45 வயது வரை வாழ்ந்தார்.

இதனையே இன்று கொலஸ்டமி என்கிறார்கள். நம்மூரில் 'வயித்தாலை போற ஓட்டை' என்று தாய்மார் சொல்லக் கேட்டிருக்கிறேன். துரே அதனை முடிவான சிகிச்சையாகவே கருதினார். அது ஓர் இடைத்தங்கல் என்ற எண்ணம் அப்போது தோன்றவில்லை. குழந்தையின் உயிருக்கு அது கால அவகாசம் பெற்றுத் தருகிறது என்பதையும், அந்த அவகாசத்தில் உண்மையான வாசலைப் பொறுமையாக அமைக்கலாம் என்பதையும் அறிய மேலும் ஒன்றரை நூற்றாண்டு சென்றது.

இருட்டிலிருந்து வெளிச்சத்துக்கு

20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை, உயரத்தில் நின்ற குடலைக் கீழே கொண்டுவந்தவர்கள் வயிற்றின் வழியாகவும் கீழ்ப்பக்கமாகவும் கையை விட்டு, தடவிப் பார்த்தே பாதையை அமைத்தார்கள். குழந்தைகள் உயிர் பிழைத்தன. ஆனால் வளர்ந்தபோது மலத்தை அடக்க முடியாதவர்களாக இருந்தனர். வாசல் அமைக்கப்பட்டதே தவிர, அதற்குக் கதவு இல்லை. மலத்தை அடக்குவதற்குரிய தசைகள் இக்குழந்தைகளுக்கும் உண்டு. சிலருக்கு வலுவாக, சிலருக்கு நலிவாக. புதிய பாதை அந்தத் தசைகளின் நடுவே செல்ல வேண்டும். கண்ணாற் காணாமற் செலுத்தினால் அது பக்கத்தால் போய்விடும்.

மெல்பேர்ண் சிறுவர் வைத்தியசாலையைச் சேர்ந்த டக்ளஸ் ஸ்டீபன்ஸ், இறந்த குழந்தைகளின் உடல்களை நுணுக்கமாக வெட்டி ஆராய்ந்து, 1953இல் தமது முடிவுகளை வெளியிட்டார். இடுப்பெலும்பிலிருந்து மலக்குடலைச் சுற்றி ஒரு கவண்வார் போல வளைந்திருக்கும் தசையே முக்கியமானது என்றும், புதிய பாதை அதற்குள் செல்ல வேண்டும் என்றும் அவர் காட்டினார். தசையை மதித்துச் சிகிச்சை செய்யும் காலம் அவரோடு தொடங்கியது. எனினும் அந்தத் தசையைத் தேடுவதும் பெரும்பாலும் விரலால் தடவியே நடந்தது.

மெக்சிக்கோ நகரின் தேசிய சிறுவர் மருத்துவ நிறுவனத்தில் பணியாற்றிய அல்பேர்ட்டோ பேனியா, ஸ்டீபன்ஸ் காட்டிய வழியிலேயே தொடங்கியவர். பின்பக்க வெட்டை அவர் ஒவ்வொரு சத்திரசிகிச்சையிலும் சற்றுச் சற்றாக நீட்டிக்கொண்டே போனார். 1980 ஓகஸ்ட் 10ஆம் திகதி, குழந்தையைக் குப்புறக் கிடத்தி, முதுகின் கீழெலும்பிலிருந்து மலவாசல் இருக்க வேண்டிய இடம் வரை, நடுக்கோட்டில் முழுமையாகத் திறந்தார். இடமும் வலமும் ஒன்றுபோல இருக்கும் உடலில் நடுக்கோட்டைத் தாண்டிச் செல்லும் முக்கிய நரம்பு எதுவும் இல்லை. ஆகவே சரியாக நடுவே பிரித்தால் எதுவும் சேதப்படாது. மெல்லிய மின்தூண்டலால் தசைகளைச் சுருங்கவைத்து, எது எங்கே இருக்கிறது என்பதைக் கண்ணாற் கண்டார்.

அங்கே ஸ்டீபன்ஸ் வருணித்த கவண்வார் தனியாகத் தென்படவில்லை. மேலிருந்து தோல் வரை தொடர்ச்சியாக ஒரு புனல்போல இறங்கும் தசைத் தொகுதியே இருந்தது. அந்தப் புனலின் நடுவே குடலை வைத்து, பிரித்த தசைகளை அதனைச் சுற்றி மீளத் தைப்பதே அவரது முறை. 1982இல் அமெரிக்கச் சத்திரவைத்தியர் டி விரீஸுடன் சேர்ந்து அவர் இதனை வெளியிட்டார். சில ஆண்டுகளில் உலகின் பெரும்பாலான சிறுவர் வைத்தியசாலைகள் இந்த முறைக்கு மாறின. 2000ஆம் ஆண்டிலிருந்து, மிக உயரத்தில் நிற்கும் குடலுக்கு வயிற்றில் சிறு துளைகளிட்டுக் கமராவின் உதவியுடன் செய்யும் முறையும் சேர்ந்துகொண்டது.

இன்று ஒரு குழந்தைக்கு நடப்பது

நெளுக்குளத்தில் ஒரு தாய்க்கு இன்று அத்தகைய ஆண்குழந்தை பிறக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இது ஒரு கற்பனைக் குழந்தை. ஆனால் படிகள் கற்பனையல்ல.

வாசல் இல்லை என்று கண்டவுடன் குழந்தைக்குப் பால் கொடுப்பது நிறுத்தப்படும். மூக்கு வழியாக இரைப்பைக்குள் மெல்லிய குழாய் ஒன்று செலுத்தி, அங்கே சேரும் காற்றையும் நீரையும் வெளியேற்றுவார்கள். நாளத்தின் வழியே சேலைன் ஏறும். உடம்பு குளிர்ந்துவிடாமற் காப்பார்கள். இந்தக் குறைபாட்டோடு இருதயம், சிறுநீரகம், முள்ளந்தண்டு, உணவுக்குழாய் ஆகியவற்றிலும் குறைகள் சேர்ந்து வருவது உண்டு. ஆதலால் அவற்றையும் அந்த முதல் நாளிலேயே தேடுவார்கள். குழந்தையை முதலிற் கொல்லக்கூடியது இருதயமா, குடலா என்பது தெரிந்தாக வேண்டும்.

சத்திரசிகிச்சையை உடனே செய்யமாட்டார்கள். பெற்றோருக்கு இந்த இடமே தாங்க முடியாததாக இருக்கும். 'பிள்ளை மலம் போகாமற் கிடக்குது, இவை பாத்துக்கொண்டு நிக்கினம்' என்று உறவினர் குமுறுவார்கள். ஆனால் இந்தக் காத்திருப்புக்குக் காரணம் உண்டு. பிறந்த குழந்தையின் குடலில் காற்று இறங்கி, அழுத்தம் ஏறி, கடைசி முனையில் உள்ள ஒடுங்கிய இணைப்பின் வழியே மலம் பிதுங்கி வருவதற்கு 16 முதல் 24 மணித்தியாலங்கள் செல்லும். இந்த நேரத்துக்குள் தோலில் எங்காவது ஒரு சிறு கறுப்புப் புள்ளியாக மலம் தெரிந்தால் குடல் கீழே வந்திருக்கிறது என்று அர்த்தம். அத்தகைய குழந்தைக்குக் கொலஸ்டமி இல்லாமலே சிறியதொரு சத்திரசிகிச்சையால் வாசல் அமைக்கலாம். சிறுநீரில் பச்சைநிற மலம் கலந்து வந்தால், குடல் சிறுநீர்க் குழாயோடு சேர்ந்திருக்கிறது. அப்போது கொலஸ்டமி வேண்டும். எதுவும் தெரியாவிடில், 24 மணித்தியாலங்களின் பின் குழந்தையைக் குப்புறக் கிடத்தி இடுப்பை உயர்த்திப் பக்கவாட்டில் எக்ஸ்றே எடுப்பார்கள். குடலில் உள்ள காற்றின் கடைசி முனை தோலிலிருந்து ஒரு சென்ரிமீற்றருக்கு மேல் விலகியிருந்தால் கொலஸ்டமிதான்.

முன்னர் இதே படத்தைக் குழந்தையைத் தலைகீழாகத் தூக்கிப் பிடித்து எடுத்தார்கள். 1930இல் அமெரிக்காவில் வங்கென்ஸ்டீனும் றைசும் அறிமுகப்படுத்திய முறை அது. பிறந்த சில மணி நேரத்திலேயே அவசரப்பட்டுப் படம் எடுத்தால் காற்று முனைவரை வந்திராது. தாழ்வாக உள்ள குடலும் உயரத்தில் இருப்பதுபோலத் தோன்றி ஏமாற்றும். காத்திருப்பதன் பொருள் இதுதான்.

கொலஸ்டமியை எங்கே அமைப்பது என்பது பெற்றோருக்குச் சிறிய விடயமாகத் தோன்றலாம். அடுத்த ஆண்டின் வெற்றி தோல்வி அங்கேதான் தீர்மானமாகிறது. இடது பக்கத்தில், பெருங்குடல் கீழிறங்கி வளையத் தொடங்கும் இடத்தில் குடலை முழுமையாக வெட்டி, இரண்டு முனைகளையும் தனித்தனியே வயிற்றுத் தோலில் தைப்பார்கள். மேல்முனையால் மலம் வரும். கீழ்முனை சிறிது சளியை மட்டும் வெளியேற்றும். இரண்டையும் இடைவெளிவிட்டு அமைப்பது, மேல்முனையின் மலம் கீழ்முனைக்குள் வழிந்து சிறுநீர்ப்பாதையிற் கிருமி ஏற்றாமலிருப்பதற்காக. மிகக் கீழே அமைத்துவிட்டால், பின்னர் வாசலுக்கு இழுத்து வருவதற்குக் குடல் நீளம் போதாது. மிக மேலே அமைத்துவிட்டால், கீழ்ப்பகுதியில் சிறுநீர் தேங்கி, அதன் அமிலத்தைக் குடல் உறிஞ்சிக் குழந்தை வாடும்.

வீட்டுக்கு வந்தபின் தாய் பார்க்க வேண்டியது அந்தச் சிவப்பை. ஆரோக்கியமான குடல்முனை, வாயின் உட்புறம்போலச் சிவந்து ஈரமாக இருக்கும். தொட்டால் வலிக்காது, துடைக்கும்போது ஒரு துளி இரத்தம் கசிந்தால் பயமில்லை. கருநீலமாகவோ கறுப்பாகவோ மாறினால், குடல் நீளமாக வெளியே பிதுங்கி வந்தால், மலம் போவது நின்று வயிறு ஊதினால் உடனே வைத்தியசாலைக்கு ஓட வேண்டும். பை கிடைக்காத இடத்தில் மெல்லிய பழந்துணியை மடித்துக் கட்டினாலே போதும். இடதுபக்கக் குடலில் மலம் ஓரளவு இறுகியே வரும். சுற்றியுள்ள தோலை வெறும் நீராற் கழுவி உலர்த்தி, துத்தநாகக் களிம்பு பூசினால் புண் வராது.

ஓரிரு மாதங்களில் குழந்தை நிறை ஏறியதும் இரண்டாம் கட்டம். அதற்கு முன்னர் கீழ்முனைக்குள் எக்ஸ்றேயில் தெரியும் திரவத்தை அழுத்தத்தோடு செலுத்திப் படம் எடுப்பார்கள். குடல் எங்கே நிற்கிறது, சிறுநீர்க் குழாயில் எந்த இடத்திற் சேர்கிறது என்பதை அப்படமே காட்டும். இந்தப் படம் இல்லாமற் சத்திரசிகிச்சைக்குப் போவது, வரைபடம் இல்லாமற் காட்டுக்குள் போவதற்குச் சமம். சிறுநீர்ப் பாதையும் நரம்புகளும் காயப்படுவது அப்போதுதான். பின்னர் பேனியாவின் முறைப்படி, குடலைச் சிறுநீர்க் குழாயிலிருந்து பிரித்து, தசைப் புனலின் நடுவே இருத்தி, தோலோடு தைப்பார்கள். இரண்டும் ஒட்டியிருக்கும் இடத்தில் இடையே தனிச் சுவர் கிடையாது. ஒரே சுவரை இரண்டாக உரிக்க வேண்டும். சத்திரவைத்தியரின் கை அதிகம் பரீட்சிக்கப்படுவது இங்கேதான்.

இரண்டு வாரம் கழிந்ததும் வீட்டில் தாயின் கட்டம் தொடங்குகிறது. புதிய வாசல் சுருங்காதிருக்க, உலோகக் கம்பிபோன்ற வழுவழுப்பான கோல் ஒன்றை நாளுக்கு இருமுறை மெதுவாகச் செலுத்தி எடுக்க வேண்டும். அளவு வாரத்துக்கு வாரம் கூடும். நான்கு மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு 12 மில்லிமீற்றர், ஒரு வயதை நெருங்கும்போது 14 என்பன எட்ட வேண்டிய அளவுகள். தன் பிள்ளையை அழவைத்து இதனைச் செய்வதற்குத் தாய்க்கு மனம் வராது. இரண்டு வாரம் விட்டுவிட்டால், அமுசா காலத்துக்கு முந்திய சுருக்கம் மீண்டும் வந்து, வாசலை மறுபடியும் அமைக்க நேரிடும். உரிய அளவு வந்து கோல் இலகுவாகச் செல்லத் தொடங்கியதும் மூன்றாம் கட்டமாகக் கொலஸ்டமியை மூடுவார்கள். அதுவரை மலம் படாதிருந்த அந்தப் பின்புறத் தோல் முதற் சில வாரங்கள் கடுமையாகச் சிவந்து புண்படும். இதனை முன்கூட்டியே சொல்லிவிட்டால் தாய் கலங்கமாட்டாள்.

மூன்று கட்டமும் மூன்று பயணமும்

இந்த இடத்தில் நம் மண்ணின் வரலாறு குறுக்கே வருகிறது. மூன்று கட்டம் என்றால், சிறப்புச் சத்திரவைத்தியர் இருக்கும் நகருக்குக் குறைந்தது மூன்று பெரும் பயணங்கள். இடையில் எண்ணற்ற கிளினிக் தவணைகள். வவுனியாவிலிருந்து அனுராதபுரம் சுமார் 55 கிலோமீற்றர். யாழ்ப்பாணம் 140 அளவில். கொழும்பில் உள்ள சீமாட்டி றிஜ்வே சிறுவர் வைத்தியசாலை 250 அளவில். தூரம் என்னவோ இவ்வளவுதான். போர்க்காலத்தில் அந்தத் தூரத்தை அளந்தது பாஸ் என்ற துண்டுக் காகிதம். வவுனியாவிலிருந்து தெற்கே போக அனுமதி பெறுவதற்கு வரிசையில் நின்றவர்களுக்கு, நாள் குறித்துக் கொடுத்த கிளினிக் தவணையின் மதிப்பு தெரியும். ஏ9 வீதி 2002இல் திறந்து, 2006 ஓகஸ்டில் மீண்டும் மூடப்பட்டபோது வன்னிக்கும் யாழ்ப்பாணத்துக்கும் இடையிலான தரைவழி அறுந்தது.

2009இல் எங்கள் நெளுக்குளத்தின் பாடசாலையும் தொழில்நுட்பக் கல்லூரியும் இடம்பெயர்ந்த மக்களின் தங்குமிடங்களாயின. குடிக்கவும் கழுவவும் அளந்து நீர் கிடைக்கும் இடத்தில், வயிற்றில் மலம் வரும் குழந்தையொன்றைத் துணிமாற்றி வளர்ப்பது எப்படியிருக்கும் என்பதை, மேலே சொன்ன படிகளை அறிந்தவர்கள் தாமே எண்ணிக்கொள்ளலாம். ஆனால் இங்கேயும் துரேயின் கண்டுபிடிப்பின் அருமை விளங்குகிறது. கொலஸ்டமி மட்டும் காலத்தோடு செய்யப்பட்டுவிட்டால், அடுத்த கட்டம் மாதங்கள், ஏன் ஆண்டுகள் தாமதித்தாலும் பிள்ளை பாலுண்டு வளரும். வீதி மூடிய ஊரில் உயிரைத் தக்கவைக்கும் சத்திரசிகிச்சை அதுதான். ஒரே மூச்சில் எல்லாவற்றையும் முடிக்கும் முறை, பிறந்த சில நாட்களுக்குள் கைதேர்ந்த சத்திரவைத்தியரிடம் போய்ச் சேரக்கூடிய குழந்தைக்கே பொருந்தும்.

கதவு எவ்வளவு மூடும்?

சிகிச்சை முடிந்தபின் பிள்ளை எல்லாரையும் போல இருக்குமா என்பதே பெற்றோரின் இறுதிக் கேள்வி. பேனியா தம்மிடம் வந்த பெருந்தொகையான குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்துச் சொன்ன கணக்கின்படி, மூன்று வயதுக்கு மேல் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கினர் தாமாக உணர்ந்து மலம் கழிக்கிறார்கள். அவர்களிற் பாதிப் பேருக்கு இடையிடையே உடையிற் சிறிது படும். எஞ்சிய நான்கில் ஒரு பங்கினரால் அடக்க முடிவதில்லை. குடல் எவ்வளவு உயரத்தில் நின்றது, முதுகின் கீழெலும்பு எவ்வளவு வளர்ந்திருக்கிறது என்பனவே இதைப் பெரிதும் தீர்மானிக்கின்றன. எலும்பு குறைந்தால் அதோடு வரும் நரம்பும் தசையும் குறையும். எவ்வளவு திறமையான கையாலும் இல்லாத நரம்பை உண்டாக்க முடியாது.

அந்த நான்கில் ஒரு பங்கினருக்கும் வழி உண்டு. நாளுக்கு ஒருமுறை குறித்த நேரத்தில் குடலை நீரினாற் கழுவி வெறுமையாக்கிவிட்டால், அடுத்த நாள்வரை உடை சுத்தமாக இருக்கும். 1990இல் இங்கிலாந்தின் மலோன், குடல்வாலை வயிற்றுத் தோலிற் பொருத்தி, அதன் வழியாக மேலிருந்து நீர் செலுத்தும் முறையை வெளியிட்டார். பெரிய பிள்ளைகள் மலசலகூடத்தில் இருந்தபடி இதனைத் தாமே செய்துகொள்ளலாம்.

நன்றாக அடக்கக்கூடிய பிள்ளைகளைப் பிடிக்கும் தொல்லை வேறு: மலச்சிக்கல். தாழ்வான குறைபாடு உள்ளவர்களிடம் இது இன்னும் அதிகம். மலம் இறுகித் தேங்கினால், அதன் ஓரத்தால் நீராய்க் கசிந்து உடையிற் படும். வீட்டார் வயிற்றோட்டம் என்று எண்ணி மலமிளக்கியை நிறுத்திவிடுவார்கள், நிலைமை முற்றும். சத்திரசிகிச்சை வெற்றியாக முடிந்த பிள்ளையும் பள்ளிக்கூடத்தில் மணக்கிறான் என்று ஒதுக்கப்படுவது பலவேளைகளில் இப்படித்தான். ஐந்து வயதில் உடையிற் படுகின்ற பிள்ளையைச் சோம்பேறி என்று அடிக்கும் ஆசிரியர், அவனது இடுப்பின் பின்னே நீளமான ஒரு தழும்பு இருப்பதை அறிந்திருக்கமாட்டார். பெற்றோரும் வெட்கத்தால் அதைச் சொல்லியிருக்கமாட்டார்கள். அந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போய் அதிபரிடம் ஒரு வார்த்தை சொல்வதும், மதிய இடைவேளையில் பிள்ளை மலசலகூடத்துக்குப் போக அனுமதி கேட்பதும் நான்காவது கட்டம் என்று எண்ணிக்கொள்ள வேண்டும். அதைச் செய்யப் பெற்றோர் கொழும்புக்குப் போகத் தேவையில்லை.